பூபாலியில் காந்தாரம், தேஷ்காரில் தைவதம்: வாதி, சம்வாதியை வைத்து ராகத்தை விரிப்பது எப்படி

கர்நாடக சங்கீதத்தில் மோகனம் வரை ஓரளவு தேறிய பிறகுதான் புனேயில் ஹிந்துஸ்தானி கற்கச் சேர்ந்தேன். முதல் ராகமாக பூபாலி. ஸ ரி க ப த, அதே ஐந்து ஸ்வரம், அதே ஆரோகணம், அதே அவரோகணம். நமக்குத் தெரிந்ததுதானே என்று தைரியமாக ஆலாப் எடுத்தேன். நாலாவது வரியில் க, ப என்று ஏறி தைவதத்தில் அழகாக நின்றேன். மோகனத்தில் அப்படி நின்றால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆசிரியை கையை உயர்த்தி நிறுத்தினார். "இது காலை நேர ராகம். இப்போது மணி ஏழரை, இரவு," என்றார். எனக்குப் புரியவில்லை. "தாயி, ஸ்வரம் எதுவும் தப்பவில்லையே?" என்றேன். (மராத்தியில் தாயி என்றால் அக்கா.) "ஸ்வரம் தப்பவில்லை. ராகம் தப்பிவிட்டது. நீ பாடியது தேஷ்கார்."

ஒரே ஐந்து ஸ்வரத்தை வைத்துக்கொண்டு இரண்டு ராகங்கள். ஒன்று இரவின் முதல் பிரஹருக்கு, அதாவது முதல் மூன்று மணி நேரத்துக்கு, மற்றது காலைக்கு. இரண்டையும் பிரிப்பது எந்த ஸ்வரத்தில் எடை விழுகிறது என்பது. அந்த எடைக்குத்தான் வாதி, சம்வாதி என்று பெயர். பூபாலிக்கு வாதி காந்தாரம், சம்வாதி தைவதம். தேஷ்காருக்கு அப்படியே தலைகீழ்: வாதி தைவதம், சம்வாதி காந்தாரம். பாடப்புத்தகத்தில் இது ஒரே வரி. பாடும்போது அந்த ஒரு வரியை எப்படிச் செயல்படுத்துவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். முக்கால்வாசியும் பூபாலியை வைத்து. கடைசியில் அதை தேஷ்காராகத் திருப்பிப் பார்ப்போம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பூபாலி வேறு, நம்முடைய பூபாளம் வேறு. பூபாளத்தில் ரி, க, த மூன்றும் தாழ்ந்தவை. பூபாலியின் ஸ்வரங்கள் மோகனத்தின் ஸ்வரங்கள்தான். பூப் என்றும் சொல்வார்கள்.

எழுத்துக்குறி: கீழ் ஸ்தாயிக்கு முன்னால் புள்ளி (.த), மேல் ஸ்தாயிக்குப் பின்னால் ஒரு கோடு (ஸ'), நீட்டி நிற்பதற்கு சிறு கோடுகள் (க - -).

முதலில், இந்தச் சொற்கள் என்ன சொல்கின்றன

வாதி என்றால் பேசுவது. சம்வாதி என்றால் கூடப் பேசுவது. பழைய நூல்கள் வாதியை ராஜா என்றும், சம்வாதியை மந்திரி என்றும், மற்ற ஸ்வரங்களான அனுவாதிகளைப் பரிவாரம் என்றும், விவாதியை எதிரி என்றும் உவமை சொல்லும். பழந்தமிழ் இசையில் நரம்புகளுக்கிடையே இணை, கிளை, நட்பு, பகை என்று உறவு சொன்னார்களே, அது மாதிரியான பார்வைதான். முன்பு சம்வாதம் என்பது இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குறித்தது: ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம், ஸ-வுக்கும் ம-வுக்கும் உள்ள தூரம். ஒவ்வொரு ராகத்துக்கும் ஒரு வாதி, ஒரு சம்வாதி என்று பட்டியல் போட்டு இன்றைய பாடத்திட்டம் முழுக்கப் பரவச் செய்தவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860–1936). அவர் 1904-இல் தென்னிந்தியாவுக்கு வந்து, எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்துப் பேசியவர். மேளகர்த்தா முறையைப் பார்த்த பிறகுதான், ராகங்களைப் பத்துத் தாய்த் தொகுதிகளில் அடக்கும் அவருடைய பத்து தாட் முறை உருவம் பெற்றது.

வாதி என்றால் அதிகத் தடவை வரும் ஸ்வரம் என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதிதான் சரி. எண்ணிக்கையை விட மூன்று விஷயங்கள் முக்கியம்: எந்த ஸ்வரத்தில் வாக்கியம் வந்து உட்காருகிறது, எதை நோக்கி மற்ற ஸ்வரங்கள் சாய்கின்றன, எதை எவ்வளவு நேரம் ஒளித்து வைத்துவிட்டுக் கொடுக்கிறோம். கர்நாடகத்தில் ஜீவ ஸ்வரம், நியாஸ ஸ்வரம் என்று சொல்வோமே, வாதியில் இரண்டின் சாயலும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் அது சமம் இல்லை. தைவத விஷயத்தில் இந்த வித்தியாசம் நமக்குத் தேவைப்படும்.

படி 1: காந்தாரத்தை தம்பூராவுக்குள் கண்டுபிடியுங்கள்

தம்பூராவை ப ஸ' ஸ' ஸ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பூபாலியில் பஞ்சமம் உண்டு, அதனால் முதல் தந்தி ப. ஐந்து நிமிஷம் பாடாமல் கேளுங்கள். கடைசித் தந்தி, அதாவது கனமான கீழ் ஸட்ஜத் தந்தி, மீட்டி அடங்கும்போது உள்ளே இன்னொரு ஸ்வரம் மெல்ல மலர்வது கேட்கும். அதுதான் காந்தாரம். யாரும் மீட்டாமலே தம்பூரா தானாகப் பாடும் ஸ்வரம் அது.

இப்போது க - - - என்று பிடியுங்கள். உங்கள் குரல் தம்பூராவின் அந்த காந்தாரத்தோடு கரைந்துவிட்டால் சரியான இடம். அலை அலையாக மோதினால் கொஞ்சம் மேலே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஹார்மோனியத்தை வைத்துப் பழகியவர்களுக்கு இது அனேகமாக நடக்கும். இன்று கடையில் கிடைக்கும் ஹார்மோனியங்கள் பெரும்பாலும் சம இடைவெளியில் சுருதி வைக்கப்பட்டவை. அவற்றின் காந்தாரம் தம்பூராவின் காந்தாரத்தை விடத் தெளிவாகவே உயரம். வாதி ஸ்வரத்தில் நீண்ட நேரம் நிற்கப் போகிறோம், அதனால் இந்த உரசல் கட்டாயம் காதில் விழும். ஒரு வாரமாவது ஹார்மோனியத்தை மூடி வைத்துவிட்டுப் பாடுங்கள்.

தைவதத்தை காந்தாரத்திலிருந்து தேடுங்கள், ஸட்ஜத்திலிருந்து அல்ல. ஸ 240 ஹெர்ட்ஸ் என்றால் க 300, த 400. க-வும் த-வும் மூன்றுக்கு நான்கு, ஸ-வுக்கும் ம-வுக்கும் உள்ள அதே உறவு. க-வை மனசுக்குள் ஸ என்று வைத்துக்கொண்டு அதன் மத்யமத்தைப் பாடினால் த தானாக வந்து விழும். வாதியும் சம்வாதியும் பொருந்துவது என்பது முதலில் காதில் நடக்கும் இந்தப் பொருத்தம்தான்.

படி 2: காந்தாரத்தைத் தொடாமல் இருங்கள்

வாதி க என்று தெரிந்ததும் முதல் வாக்கியத்திலேயே அதில் போய் உட்காரும் ஆசை வரும். வேண்டாம். வீட்டுக்காரர் வருவதற்கு முன் வீட்டைக் கூட்டி வைக்கும் வேலை ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நிமிஷங்களுக்கு ஸ, கீழ் த, கீழ் ப, ரி மட்டும்.

ஸ - -
ஸ .த - ஸ - -
.ப .த ஸ - -
.த ஸ ரி - ஸ - -
ஸ ரி - , ஸ .த ஸ ரி - - ஸ

கடைசி வரியில் ரி-யில் கொஞ்சம் நிற்கிறோம், ஆனால் அங்கே வாக்கியத்தை முடிக்கவில்லை. ரி-யில் நிற்கும்போது அடுத்த படிக்கட்டில் கால் வைக்கப் போகிற மாதிரி ஒரு சாய்வு இருக்க வேண்டும். கேட்பவரின் காது க-வைக் கேட்க ஆரம்பித்துவிடும். ஆனால் நீங்கள் ஸ-வுக்குத் திரும்பிவிடுகிறீர்கள். இரண்டு தடவை இப்படி ஏமாற்றிய பிறகு கொடுக்கும் க-வுக்கு இருக்கும் எடை, முதல் வரியிலேயே வந்த க-வுக்கு இருக்காது.

இங்கே கவனித்தீர்களா, சம்வாதி ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. .த ஸ ரி என்று கீழ் தைவதத்தில் வேர் ஊன்றித்தான் ஏறுகிறோம். பூபாலியில் தைவதத்தின் பெரிய வேலை மேலே நடப்பதில்லை, இங்கே கீழே நடக்கிறது. நான் புனேயில் கற்றுக்கொண்டதில் மிகவும் உபயோகமான விஷயம் இதுதான்.

படி 3: காந்தாரத்தைத் திறப்பது

.த ஸ ரி க - - - -

அவ்வளவுதான். ஒரே மூச்சில், அவசரமில்லாமல். க-வில் வந்ததும் குரலை ஆட்டாமல் வையுங்கள். கர்நாடகப் பழக்கம் இருப்பவர்களுக்கு இது கஷ்டம். மோகனத்தில் காந்தாரத்துக்கும் ரிஷபத்துக்கும் கமகம் கொடுத்தே பழகியிருப்போம். இங்கே க நிலையாக, விளக்கின் சுடர் காற்றில்லாத அறையில் நிற்பது மாதிரி நிற்க வேண்டும். அப்புறம் க ரி ஸ - - என்று இறங்குங்கள்.

அடுத்த ஐந்தாறு நிமிஷத்துக்கு ஒரே கேள்விதான்: இந்த க-வுக்கு எத்தனை வழியில் வரலாம்? கீழேயிருந்து ரி வழியாக வரலாம். ஸ-விலிருந்து நேரே தாவி வரலாம். பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு மீண்டில், அதாவது வழுக்கி, மேலிருந்து இறங்கி வரலாம்:

ஸ ரி க - -
ரி க - , ரி ஸ .த ஸ ரி க - -
க ப க - -
ரி க ப - க - - , ரி ஸ
ஸ .த ஸ ரி க ப - - க - -

பஞ்சமம் இங்கே ஒரு விருந்தாளி. வரலாம், கொஞ்சம் உட்காரலாம், ஆனால் பேச்சு க-வைப் பற்றித்தான். ப-விலிருந்து க-வுக்கு வழுக்கும்போது நடுவில் மத்யமத்தின் சாயல் தட்டுப்படக் கூடாது. அங்கே தீவ்ர மத்யமமும், அதாவது நம்முடைய பிரதி மத்யமமும், ஸ'-விலிருந்து த-வுக்கு வழுக்கும்போது நிஷாதமும் காதில் பட்டுவிட்டால் ராகம் சுத்த கல்யாணுக்குப் போய்விடும். சுத்த கல்யாணுக்கும் ஏறும் ஸ்வரங்கள் இதே ஐந்துதான். இறங்கும் மீண்டில்தான் மற்ற இரண்டும் ஒளிந்திருக்கும். உங்கள் பதிவை மெதுவாக ஓடவிட்டுக் கேட்டால் இந்தத் தப்பு பளிச்சென்று தெரியும்.

படி 4: தைவதத்துக்கு அனுமதி, ஆனால் நாற்காலி கிடையாது

நான் விழுந்த குழி இதுதான். சம்வாதி தைவதம் என்று பாடத்தில் எழுதியிருக்கிறது. இரண்டாவது முக்கிய ஸ்வரம் என்றால் இரண்டாவது நீண்ட நேரம் நிற்கலாம் என்று நினைத்தேன். மத்ய ஸ்தாயி தைவதத்தில் நீண்டு நின்று, அங்கிருந்து ப-வுக்கு இறங்கி அதில் முடித்தால் அது தேஷ்கார். அதனால் பூபாலியில் தைவதத்துக்கு வேறு வேலை: காந்தாரம் சொன்னதை அதே குரலில் மேலே சொல்லிக் காட்டிவிட்டு, பேச்சை மறுபடியும் காந்தாரத்திடம் ஒப்படைப்பது.

இதை அச்சுப் பிசகாமல் காட்டலாம். க-வைச் சுற்றிய ஒரு வாக்கியம்:

ரி க ப க

இதை அப்படியே மத்யம தூரத்துக்கு மேலே நகர்த்துங்கள். ரி ப-வாகும், க த-வாகும், ப ஸ'-வாகும்:

ப த ஸ' த

ஒரு ஸ்வரம்கூட ராகத்துக்கு வெளியே போகவில்லை. இரண்டு வாக்கியத்துக்கும் ஒரே உருவம். வேறொரு ஜோடியை வாதி, சம்வாதி என்று வைத்திருந்தால் இவ்வளவு சுத்தமாக அமையாது. இப்போது இரண்டையும் சேர்த்துப் பாடுங்கள்:

ரி க ப க - , ப த ஸ' த , ப க - - -

முதல் துண்டு சொல்கிறது, இரண்டாவது அதையே மேலே எதிரொலிக்கிறது, மூன்றாவது வீடு திரும்புகிறது. நடுத் துண்டின் தைவதத்தில் நிற்காமல், ப வழியாக க-வில் போய் உட்காருகிறோம். சம்வாதி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இதே எண்ணத்தில் இன்னும் சில:

க ப த ப க - -
ஸ ரி க ப , க ப த ப க - -
க ப த , ப க ரி க - - , ரி ஸ

முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து ஸ்வரங்கள். நீட்டலை இடம் மாற்றினாலே ராகம் மாறும். க ப த ப க - - என்றால் பூபாலி. க ப த - - ப - என்று நீட்டி, கடைசி க-வை விட்டுவிட்டால் தேஷ்கார். இரண்டையும் மாற்றி மாற்றி இருபது தடவை பாடுங்கள். தாயி என்னை அன்று ராத்திரி இதை மட்டும்தான் பாடச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் எதைப் பாடினேன் என்று கேட்பார். ராத்திரியா, காலையா என்று சொல்ல வேண்டும். பத்தாவது தடவைக்குப் பிறகு யோசிக்காமலே சொல்ல முடிந்தது.

படி 5: மேல் ஸட்ஜம், மேல் காந்தாரம்

க ப த ஸ' - - என்று மேல் ஸட்ஜத்தை அடைந்ததும் அங்கேயும் படி 2, படி 3 தான் மறுபடி நடக்கிறது, ஒரு ஸ்தாயி மேலே. ஸ' ரி' - ஸ' என்று இழுத்தடித்துவிட்டு, த ஸ' ரி' க' - - என்று மேல் காந்தாரத்தைத் திறக்கலாம். பந்திஷின், அதாவது ராகத்தில் அமைந்த பாட்டின், இரண்டாம் பகுதியான அந்தரா இந்த உயரத்தில்தான் நடக்கும். மேலே எவ்வளவு நேரம் இருந்தாலும் இறங்கும் வழி ஒன்று: ஸ' த ப க - - , ரி ஸ. இதில் த-வை வேகமாகக் கடந்து, க-வில் மூச்சை விடுங்கள்.

பூபாலி பூர்வாங்கப் பிரதானமான ராகம் என்பார்கள். ஸ முதல் ப வரையிலான கீழ்ப் பாதியில்தான் அதன் உயிர். பாத்கண்டேயின் நேர விதியும் இதிலிருந்து வருகிறது: வாதி கீழ்ப் பாதியில் இருந்தால் பகல் 12 முதல் இரவு 12 வரை, மேல்ப் பாதியில் இருந்தால் இரவு 12 முதல் பகல் 12 வரை. பாடுகிறவருக்கு இதன் நடைமுறை அர்த்தம், மேலே போவது உலாவ, திரும்புவது கீழ்ப் பாதிக்கு. இருபது நிமிஷ ஆலாபில் மேல் ஸட்ஜத்துக்கு வரவே பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷம் ஆகலாம். கிஷோரி அமோன்கர் பாடிய பூப் பதிவைக் கேட்பவர்கள், அவர் மேலே எவ்வளவு தூரம் போனாலும் காந்தாரத்தில் வந்து இறங்கும் இடங்களில் கையை மடக்கி எண்ணிப் பாருங்கள்.

படி 6: தானில் எடையை எங்கே வைப்பது

ஆலாபில் நீட்ட நேரம் இருக்கிறது. தான் என்ற வேகமான ஸ்வர ஓட்டத்தில் எந்த ஸ்வரத்திலும் நிற்க முடியாதே, அங்கே வாதி எப்படித் தெரியும்? தாளத்தின் தட்டு விழும் இடத்தால் தெரியும், திரும்பும் இடத்தால் தெரியும், வந்து சேரும் இடத்தால் தெரியும்.

மாத்திரைக்கு நான்கு ஸ்வரம் என்ற வேகத்தில் ஒரு நான்கு மாத்திரைத் தான்:

க ரி ஸ ரி | க ப த ப | க ரி க ப | க ரி ஸ ரி | க -

ஒவ்வொரு மாத்திரையின் தலையிலும் க. கடைசியில் சம்-மில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், வந்து இறங்குவதும் க. த ஒரே ஒரு தடவை, அதுவும் தட்டுக்கு நடுவில். இப்போது இதைப் பாருங்கள்:

த ப க ப | த ஸ' த ப | த ப த ஸ' | த ப க ப | த -

அதே ஸ்வரக் கூட்டம், அதே வேகம். மாத்திரையின் தலை எல்லாம் த. இது தேஷ்கார் தான். உள்ளங்கையால் தொடையில் தட்டிக்கொண்டே பாடினால் இது உடம்புக்கே புரியும். பல பூபாலி பந்திஷ்களில் முக்டா, அதாவது எடுப்புத் துண்டு, சம்-மில் வந்து விழும் ஸ்வரம் க-வாக இருக்கும். அப்படிப்பட்ட பந்திஷை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு ஆவர்த்தனமும் வாதியை உங்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும். சம் வேறு ஸ்வரத்தில் விழும் பந்திஷ் என்றால், தானை க-வில் முடித்துவிட்டு முக்டாவைப் பிடிக்கும் சின்ன இணைப்பைத் தனியாகப் பழக வேண்டும்.

படி 7: பதிவு செய்து, முடியும் ஸ்வரங்களை எழுதுங்கள்

பத்து நிமிஷ ஆலாபைப் போனில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது ஒவ்வொரு வாக்கியமும் எந்த ஸ்வரத்தில் முடிகிறது என்று மட்டும் வரிசையாக எழுதுங்கள். என் பழைய நோட்டில் ஆரம்ப காலப் பக்கம் ஒன்று இருக்கிறது: ஸ, க, த, ப, த, க, ரி, த, ஸ, த. பத்தில் நாலு த. அன்று நான் பூபாலி என்று நினைத்துக்கொண்டுதான் பாடியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்த பக்கத்தில்: ஸ, ஸ, ரி, க, க, ஸ, க, ப, க, க, ஸ', க. இதைப் பார்த்தாலே ராகம் தெரிகிறது.

இந்தக் கணக்கில் இரண்டு விதமான நோய் தெரியவரும். ஒன்று, த கூடிப்போவது. மற்றது எல்லா ஸ்வரமும் ஏறக்குறைய சமமாக இருப்பது. மோகனத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் அதிகம். மோகனத்தில் நாம் ரி, க, த எல்லாவற்றிலும் தாராளமாக நின்று, ஒவ்வொன்றையும் ஜீவனாகக் காட்டுகிறோம். அது அந்த ராகத்தின் அழகு. பூபாலியில் அப்படிச் செய்தால் கேட்பவருக்கு எந்தத் தப்பும் சொல்லத் தெரியாது, ஆனால் ராகம் எங்கேயும் கூடி வராது. க மட்டுமே முடிவாக இருப்பதும் நல்லதில்லை. பத்து வாக்கியத்தில் பத்தும் க என்றால் ஏக்கம் என்பதே இல்லாமல் போய்விடும்; நடுவில் ரி-யிலும் ப-விலும் முடிக்காமல் விட்ட சில வாக்கியங்கள் வேண்டும்.

இப்போது திருப்பிப் போடுங்கள்: தேஷ்கார்

பூபாலி கையில் நின்ற பிறகு தேஷ்காரைத் தனியாகக் கற்க அதிக நேரம் ஆகாது. இது உத்தராங்கப் பிரதானம், மேல்ப் பாதியில் வாழும் ராகம். மந்தர ஸ்தாயியில் சுற்ற வேண்டாம். ஸ சொன்னதும் சீக்கிரமே மேலே போய்விடலாம்:

ஸ க ப த - - , ப -
க ப த - - , ஸ' த - ப -
ஸ' - , த - - ப , க ப த - ப -
க ப த ப , கரிஸ

கடைசி வரியில் கரிஸ-வை ஒட்டி எழுதியதற்குக் காரணம் உண்டு. ரி இங்கே மிகவும் பலவீனம். ஏறும்போது பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், இறங்கும்போது ஓட்டத்தில் தொட்டுவிட்டுப் போவார்கள். பூபாலியில் க-வை நோக்கிச் சாய்ந்து நின்ற அதே ரி இங்கே கால் ஊன்றினால் உடனே ராத்திரி வந்துவிடும். க சம்வாதி, ஆனால் அதன் வேலை உந்துபலகை மாதிரி: க ப த என்று எழும்ப உதவுகிறது. நீண்டு உட்காருவதில்லை. ப-வில் தாராளமாக நிற்கலாம். பூபாலியில் த எப்படிக் க-விடம் பேச்சை ஒப்படைத்ததோ, அப்படி இங்கே க த-விடம் ஒப்படைக்கிறது. ஆரம்பத்தில் ஸ-விலிருந்து த வரை எழும்பும் அந்த முதல் வாக்கியத்தைச் சரியாகப் பாடினாலே போதும், அறையில் வெயில் விழுந்த மாதிரி இருக்கும்.

இந்த விதி எங்கே நிற்கிறது

வாதியும் சம்வாதியும் மத்யம தூரத்திலோ பஞ்சம தூரத்திலோ இருக்க வேண்டும் என்பது விதி. பூபாலியில் க–த மத்யம தூரம், யமனில் க–நி பஞ்சம தூரம். ஆனால் மார்வாவுக்குப் பாடத்திட்டம் சொல்லும் வாதி கோமல் ரி, அதாவது தாழ்ந்த ரி, சம்வாதி தைவதம். அந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது பஞ்சம தூரத்தை விட ஒரு அரை ஸ்வரம் அதிகம். தம்பூராவோடு அவை ஒன்றையொன்று தாங்குவதில்லை, இழுக்கின்றன. படி 4-இல் செய்த எதிரொலி வித்தை அங்கே அமையாது. மார்வாவில் ஸட்ஜத்தையே தள்ளிப்போட்டு, ரி-யிலும் த-விலும் மாறி மாறித் தொங்குவதால்தான் அந்தச் சாயங்கால அமைதியின்மை வருகிறது. அமீர் கான் பாடிய மார்வாவில் ஸ-வுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனித்தால் புரியும்.

மார்வா, பூரியா, சோஹனி மூன்றுக்கும் ஒரே ஆறு ஸ்வரங்கள். பூரியாவுக்கு வாதி க, சம்வாதி நி. அது கீழ்ப் பாதியிலும் மந்தரத்திலும் உலாவும். சோஹனிக்கு வாதி த, சம்வாதி க. மேல் ஸட்ஜத்தைச் சுற்றியே இருக்கும். அதனால் வாதி, சம்வாதிப் பட்டியல் இங்கேயும் வழி காட்டுகிறது, இடைவெளி விதிதான் மார்வாவில் உடைகிறது. பல ராகங்களுக்கு கரானாவுக்குக் கரானா, அதாவது குரு பரம்பரைக்குப் பரம்பரை, வாதி மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆசிரியர் சொல்லும் வாதியும் புத்தகத்தில் உள்ள வாதியும் வேறாக இருந்தால், அவர் பாடும் ஆலாபின் முடியும் ஸ்வரங்களை படி 7 மாதிரி எழுதிப் பாருங்கள். அவர் கை எந்த ஸ்வரத்துக்கு எடை கொடுக்கிறது என்பது அந்தத் தாளில் இருக்கும். அதைப் பின்பற்றிப் பாடுங்கள்.